போனில் பேசி முடித்த கூடுதல் வேலையை வாட்ஸப்பில் எப்படி எழுதி அனுப்புவது?

சூலூர் வீடு எழுதியது:

கோவை சூலூர் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். 1,150 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய், மெட்டீரியலோடு சேர்த்துக் காண்ட்ராக்ட். அதற்கு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து போட்டிருக்கிறோம். அதில் சம்ப் 6,000 லிட்டர் என்று இருக்கிறது, காம்பவுண்ட் சுவர் இல்லை.

நேற்று ஞாயிறு மாலை காண்ட்ராக்டர் அண்ணனோடு போனில் பேசினேன். சம்பை 10,000 லிட்டராகப் பெரிதாக்கலாம், லிட்டருக்கு 18 ரூபாய் என்றார். காம்பவுண்ட் 62 அடி நீளம், 5 அடி உயரம், ரன்னிங் அடிக்கு 1,700 ரூபாய் என்றார். இரண்டுக்கும் சரி சொல்லிவிட்டேன். புதன்கிழமை ஜே.சி.பி. வருகிறது. அதற்குள் 50,000 ரூபாய் முன்பணம் கேட்டிருக்கிறார்.

நல்ல மனிதர், இதுவரை வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கூடுதல் வேலைக் கணக்கில்தான் பல வீடுகளில் கடைசியில் பேச்சு தடிக்கிறது என்று கேள்விப்படுகிறேன். அதனால் பேசியதை எழுதி அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். அவர் மனம் கோணாமல் இருக்கவும் வேண்டும். இப்படி எழுதி வைத்திருக்கிறேன், போதுமா?

"வணக்கம் அண்ணா. நேற்றுப் பேசியபடி சம்ப் 10,000 லிட்டர், காம்பவுண்ட் 62 அடி. ரேட் பேசியபடி. அட்வான்ஸ் 50,000 நாளை அனுப்புகிறேன். நன்றி."

---

பத்திரம் பாண்டியன் எழுதியது:

வாட்ஸப்பில் எழுதுவதெல்லாம் கோர்ட்டில் நிற்காது நண்பரே. போனில் பேசிய ஒப்பந்தமே செல்லாது. முத்திரைத்தாள் வாங்கி, முதல் ஒப்பந்தத்துக்குத் துணை ஒப்பந்தம் போட்டு, இரண்டு சாட்சியோடு கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் பணம் கொடுங்கள்.

---

ஓய்வு பெற்ற இன்ஜினியர் எழுதியது:

சட்ட விஷயத்தைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் முப்பது வருடத்துக்கு மேல் சைட்டில் அளவுப் புத்தகம் எழுதியவன், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் செய்தியில் "ரேட் பேசியபடி" என்று எழுதியிருக்கிறீர்கள். பேசியது என்ன என்பதுதான் பின்னால் சண்டையாகும். அந்த இடத்தில் அந்தச் சொல்லைப் போட்டால், நீங்கள் செய்தி அனுப்பாததற்கும் அனுப்பியதற்கும் வித்தியாசம் இல்லை.

சம்பை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 18 ரூபாய் என்று இருவரும் சொன்னீர்கள். எந்த லிட்டருக்கு? கூடுதலாக வரும் 4,000 லிட்டருக்கு என்றால் 72,000 ரூபாய். மொத்தம் 10,000 லிட்டருக்கும் என்றால் 1,80,000 ரூபாய். 6,000 லிட்டர் சம்ப் ஏற்கெனவே சதுர அடிக் கணக்கில் அடக்கம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவர் "பழைய சம்பை விட்டுவிட்டோம், இது புது சம்ப்" என்று நினைத்திருக்கலாம். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆனால் இடையில் 1,08,000 ரூபாய் நிற்கிறது.

அடுத்து, 10,000 லிட்டரை எப்படி அளப்பது? சம்ப் கட்டி முடித்த பிறகு லிட்டரை அளக்கிறவர் யாரும் இல்லை, அடியைத்தான் அளப்பார்கள். ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 28.3 லிட்டர். உள் அளவு 8 அடிக்கு 8 அடி, ஆழம் 6 அடி என்றால் 384 கன அடி, 10,800 லிட்டருக்கு மேல் வருகிறது. ஆனால் மேலே தண்ணீர் வரும் பைப்புக்கும் ஓவர்ஃபுளோ பைப்புக்கும் அரை அடி போய்விடும். தண்ணீர் நிற்கும் ஆழம் ஐந்தரை அடிதான். அப்போது 352 கன அடி, கிட்டத்தட்ட சரியாக 10,000 லிட்டர். ஆகவே செய்தியில் லிட்டரோடு "பூச்சு முடிந்த பின் உள் அளவு 8 x 8, தண்ணீர் நிற்கும் ஆழம் 5½ அடி" என்று எழுதுங்கள். வெளி அளவு 8 x 8 என்று தோண்டிச் சுவர் வைத்துவிட்டால் உள்ளே தண்ணீர் வெகுவாகக் குறையும். குறைந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

காம்பவுண்டில் உயரம் எங்கிருந்து? உங்கள் மனை ரோட்டை விடத் தாழ்வா, மேடா? 62 அடியில் கேட் வரும் இடம் சேர்ந்ததா, கழித்ததா? பூச்சு ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? இதற்கெல்லாம் போனில் பதில் பேசினீர்களா?

---

சூலூர் வீடு எழுதியது:

ஐயா, மிகவும் நன்றி. கேட் இடம் 10 அடி கழித்துத்தான் 62 என்று அளந்து வைத்திருந்தோம், அதை அவரிடமும் சொன்னேன். மனை ரோட்டை விட ஒன்றரை அடி தாழ்வு. உயரம் எங்கிருந்து என்று பேசவில்லை. பூச்சு பற்றியும் பேசவில்லை, இரண்டு பக்கமும் இருக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். சம்ப் ரேட் கூடுதல் 4,000 லிட்டருக்குத்தான் என்று நான் கேட்டபோது "ஆமாங்க, சேர்ற லிட்டருக்குத்தான்" என்றார். நல்லவேளை அதைக் கேட்டிருக்கிறேன்.

பேசாததை இப்போது செய்தியில் எழுதலாமா?

---

பனியன் கம்பெனி எழுதியது:

இவ்வளவு எதற்கு? போனில் கால் ரெக்கார்ட் போட்டுவிடுங்கள், முடிந்தது. நான் திருப்பூரில் ஜாப்வொர்க் யூனிட் வைத்திருக்கிறேன். ஒரு பார்ட்டி போனில் பீஸுக்கு 14 ரூபாய் என்று சொல்லிவிட்டு, டெலிவரி எடுத்தபோது 12 தான் பேசினோம் என்றார். ரெக்கார்டைப் போட்டுக் காட்டினேன். "அது ரவுண்ட் நெக் மாடலுக்குச் சொன்னது, இது காலர் இல்லாத வேறு மாடல்" என்று வாதாடினார். பாதிப் பணம் வரவே ஆறு மாதம் ஆயிற்று. ஆனாலும் ரெக்கார்ட் இருந்ததால்தான் அந்தப் பாதியாவது வந்தது. நீங்களும் இனிமேல் ஆன் செய்து வையுங்கள்.

---

வக்கீல் ஆபீஸ் எழுதியது:

நான் வக்கீல் இல்லை, ஒரு வக்கீல் அலுவலகத்தில் பல வருடமாகக் குமாஸ்தா வேலை. கட்டட வேலைத் தகராறுக் கோப்புகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாண்டியன் சார் சொன்னதில் ஒரு திருத்தம். வாய்மொழி ஒப்பந்தம் செல்லாது என்பது சரியில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 10ஆவது பிரிவின்படி, இருவரும் மனமொத்து, சட்டப்படியான காரியத்துக்கு, கைம்மாறோடு ஒப்புக்கொண்டால் அது ஒப்பந்தம்தான். எழுத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று வேறு சட்டம் சொல்லும் இனங்களுக்கு மட்டும் எழுத்து கட்டாயம். சம்ப் கட்டுவது அப்படிப்பட்டது அல்ல. வாட்ஸப், மின்னஞ்சல் வழியாக முடிந்தது என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவும் சொல்கிறது.

சிக்கல் செல்லுமா என்பதில் இல்லை, நிரூபிப்பதில்தான். "அவர் இப்படிச் சொன்னார்" என்று நீங்களும், "நான் சொல்லவே இல்லை" என்று அவரும் நின்றால் எதை வைத்துத் தீர்ப்பது? அதற்குத்தான் இந்தச் செய்தி.

துணை ஒப்பந்தம் போட முடிந்தால் தாராளமாகப் போடுங்கள், தப்பே இல்லை. ஆனால் ஒரு வீடு முடிவதற்குள் இப்படிப் பத்துப் பதினைந்து மாற்றம் வரும். ஒவ்வொன்றுக்கும் யாரும் முத்திரைத்தாள் வாங்கப் போவதில்லை. வாங்காமல் விட்ட அந்தப் பத்துதான் கோப்பாக எங்களிடம் வருகிறது. தொகை பெரிதாக இருந்தாலோ கட்டட வரைபடமே மாறினாலோ தாளில் எழுதுங்கள். இந்த அளவுக்குச் செய்தி போதும் என்பது என் கருத்து.

பனியன் கம்பெனி அண்ணா, உங்கள் கதையிலேயே பதில் இருக்கிறது. விலை பதிவாகியிருந்தது, எந்த மாடல் என்பது பதிவாகவில்லை. பேச்சில் இருந்த ஓட்டை ரெக்கார்டிலும் அப்படியே இருக்கும். எழுதி அனுப்பும்போதுதான் "எந்த மாடல்?" என்ற கேள்வி நமக்கே தோன்றும், வேலை ஆரம்பிக்கும் முன்னாலேயே தோன்றும்.

---

பனியன் கம்பெனி எழுதியது:

அது சரிதான். ஆனால் எழுதினால் பார்ட்டி பதில் போடமாட்டார், படித்துவிட்டு இரண்டு நீல டிக் விழுந்து கிடக்கும். அப்போது என்ன செய்ய?

---

மேஸ்திரி மகன் எழுதியது:

நான் எதிர்ப்பக்கம். அப்பா மேஸ்திரி, நான் இப்போது சின்ன அளவில் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். நாங்கள் ஏன் பதில் போடுவதில்லை என்று சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்கு சைட், மதியம் கம்பிக்கடை, சாயந்திரம் ஆட்களுக்குக் கூலி. இதற்கு நடுவில் ஒரு பக்கத்துக்கு ஒரு கடிதம் வந்தால் படிக்க மாட்டோம். அப்புறம் இன்னொன்று, இதுதான் முக்கியம். பேசியதைச் சுருக்கி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, பேசாத இரண்டு மூன்றை நடுவில் சொருகி அனுப்பும் ஆட்கள் உண்டு. "பேசியபடி இரண்டு பக்கம் பூச்சு, பெயின்ட் உட்பட" என்று வரும். நாங்கள் பூச்சே பேசியிருக்க மாட்டோம். அவசரத்தில் "சரிங்க" என்று போட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் அடுத்த முறை எதற்கும் பதில் போடமாட்டார்கள்.

அதனால் சூலூர் அண்ணா, பேசாததை எழுதுங்கள், ஆனால் பேசாதது என்று சொல்லி எழுதுங்கள். "இது நாம் பேசவில்லை, எப்படி வைத்துக்கொள்ளலாம்?" என்று கேள்வியாகக் கீழே போடுங்கள். அப்படி வந்தால் எனக்கு நிச்சயம் கோபம் வராது. சொல்லப்போனால் சந்தோஷம். ஏனென்றால் வேலை செய்துவிட்டுப் பணத்துக்கு அலைவது பெரும்பாலும் நாங்கள்தான். "அதையெல்லாம் சேர்த்துத்தானே சொன்னீங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால் எங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

பாறையை மறந்துவிடாதீர்கள். சூலூர், சுல்தான்பேட்டை பக்கம் நாலடியிலேயே பாறை தட்டுகிற இடங்கள் உண்டு. ஜே.சி.பி. பக்கெட் இறங்காது, பிரேக்கர் வைத்து உடைக்க வேண்டும், அது மணிக்கணக்கில் தனி வாடகை. லிட்டர் ரேட்டில் அது இல்லை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். தோண்டிய மண்ணை வெளியே கொண்டுபோவதும் அப்படித்தான்.

---

ஓய்வு பெற்ற இன்ஜினியர் எழுதியது:

தம்பி சொன்னது ரொம்பச் சரி. பாறையை நான் விட்டுவிட்டேன்.

---

கணக்கு டீச்சர் எழுதியது:

பதில் போடாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. செய்தியின் கடைசியில் "24 மணி நேரத்தில் மறுப்பு வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும்" என்று போட்டுவிடுங்கள். என் கணவர் கம்பெனியில் எல்லா மெயிலிலும் அப்படித்தான் போடுவார்கள். அப்புறம் அவர் பதில் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன?

---

வக்கீல் ஆபீஸ் எழுதியது:

டீச்சர், இதில் பாதி சரி. பொதுவாக மௌனம் சம்மதம் ஆகாது. நீங்களே ஒரு கெடு வைத்து, பேசாவிட்டால் ஒப்புதல் என்று அடுத்தவர் மேல் சுமத்த முடியாது. கம்பெனிகளுக்குள் அப்படி நடக்கிறது என்றால், பெரும்பாலும் அவர்கள் முன்பே எழுதிய ஒப்பந்தத்தில் அந்த முறையை ஒத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் அந்த வரிக்கு வேறு பயன் உண்டு. செய்தியைப் படித்த பிறகு அவர் முன்பணத்தை வாங்கி வேலையையும் ஆரம்பித்துவிட்டால், அவருடைய நடத்தையே பேசும். ஒப்பந்தச் சட்டம் 8ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. முன்மொழிந்த நிபந்தனையைச் செயலில் நிறைவேற்றுவதும், அதற்காகக் கொடுத்த கைம்மாறை வாங்கிக்கொள்வதும் ஏற்றுக்கொண்டதாகும். அதனால் வரிசை முக்கியம். முதலில் செய்தி, பிறகு பணம், அதற்குப் பிறகு ஜே.சி.பி. பணத்தை முதலில் அனுப்பிவிட்டு இரண்டு நாள் கழித்துச் செய்தி அனுப்பினால், அந்தப் பணம் எந்த நிபந்தனைக்கு வாங்கியது என்று சொல்ல முடியாது.

யு.பி.ஐ.யில் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் "சம்ப், காம்பவுண்ட் முன்பணம்" என்று போடுங்கள். வீட்டுக்கான அடுத்த தவணைப் பணம் என்று பின்னால் யாரும் குழப்ப முடியாது.

நீல டிக் படித்ததைத்தான் காட்டும், ஒத்துக்கொண்டதைக் காட்டாது. கட்டைவிரல் பொம்மை பற்றிக் கேட்பீர்கள். நம் ஊர்க் கோர்ட்டில் அதை எப்படி எடுப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. "சரி" என்று ஒரு சொல் வாங்குவது அதைவிட மேல்.

---

மேஸ்திரி மகன் எழுதியது:

அந்த 24 மணி நேர வரியை என்னிடம் யாராவது போட்டால் அவர்கள் வீட்டு வேலையையே யோசிப்பேன். மிரட்டுவது மாதிரி இருக்கும். அதற்குப் பதிலாக "புதன் காலை மண் எடுக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிடுங்க அண்ணா, மாற்றம் இருந்தா அதையும் சொல்லுங்க" என்று போடுங்கள். காரணம் புரியும், கெடுவும் இருக்கும்.

எழுதிவிட்டு அப்படியே விடாமல் ஒரு வாய்ஸ் மெசேஜும் போடுங்கள். "அண்ணா, பேசினதை எழுதி அனுப்பியிருக்கேன், பாருங்க" என்றால் பார்ப்போம். பதிலை வாய்ஸில்தான் சொல்லுவோம், அதைக் குறையாக எடுக்காதீர்கள்.

---

சூலூர் வீடு எழுதியது:

எல்லோரும் சொன்னதை வைத்து நேற்று இரவு இப்படி அனுப்பினேன்:

"வணக்கம் அண்ணா. ஞாயிறு மாலை நாம் போனில் பேசிய இரண்டு கூடுதல் வேலையும் மறக்காமல் இருக்க எழுதுகிறேன்.

சம்ப்: ஒப்பந்தத்தில் உள்ள 6,000 லிட்டருக்குப் பதில் 10,000 லிட்டர். கூடும் 4,000 லிட்டருக்கு மட்டும் லிட்டருக்கு 18 ரூபாய், 72,000 ரூபாய்.

காம்பவுண்ட்: கேட் இடம் 10 அடி கழித்து 62 அடி நீளம், 5 அடி உயரம், ரன்னிங் அடிக்கு 1,700 ரூபாய், 1,05,400 ரூபாய்.

இரண்டும் சேர்த்து 1,77,400. முன்பணம் 50,000 நாளை அனுப்புகிறேன்.

நாம் பேசாமல் விட்டது, நீங்கள் சொல்லுங்கள்: சம்ப் உள் அளவு பூச்சுக்குப் பின் 8 x 8, தண்ணீர் ஆழம் 5½ அடி என்று வைக்கலாமா? பாறை வந்தால் எப்படி? எடுத்த மண் எங்கே? காம்பவுண்ட் உயரம் ரோட்டு மட்டத்திலிருந்தா, மனை மட்டத்திலிருந்தா? பூச்சு இரண்டு பக்கமுமா? மீதிப் பணம் எப்போது?

வீட்டு வேலையில் மற்றதெல்லாம் ஒப்பந்தத்தில் உள்ளபடியே. நான் எழுதியதில் எது தப்பாக இருந்தாலும் திருத்துங்கள். புதன் காலை மண் எடுக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

இன்று காலை வாய்ஸில் பதில் வந்தது. "சரிங்க, கணக்கு எல்லாம் கரெக்ட். அளவு நீங்க சொன்னதே இருக்கட்டும். பாறை வந்தா பிரேக்கர் வாடகை உங்களுது. மண்ணை மனையிலேயே நிரவிக்கலாம், தாழ்வாத்தானே இருக்கு. உயரம் ரோட்டு மட்டத்துல இருந்து அஞ்சடி, கீழ ஒன்றரை அடிக்கு நான் தனியா கேக்கல. பூச்சு வெளிப்பக்கம் மட்டுந்தான் இந்த ரேட்டு. உள்பக்கமும் வேணும்னா அடிக்கு 230 சேரும். மீதி சம்ப் மூடுறப்ப பாதி, காம்பவுண்ட் முடிஞ்சதும் பாதி."

உள்பக்கப் பூச்சு வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். அவர் வாய்ஸ் இருக்கிறதே, மறுபடியும் எழுத வேண்டுமா?

---

ஓய்வு பெற்ற இன்ஜினியர் எழுதியது:

எழுத வேண்டும். இப்போது உங்களிடம் ஒரு எழுத்தும் அதை மாற்றும் ஒரு குரலும் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்துத் தேடும்போது எழுத்துதான் முதலில் கிடைக்கும், அதில் 1,77,400 என்று இருக்கும். வாய்ஸ் எங்கோ மேலே போயிருக்கும், தேடியும் கிடைக்காது.

உள்பக்கப் பூச்சு 62 x 230 = 14,260. காம்பவுண்ட் 1,19,660 ஆகிறது. மொத்தம் 1,91,660. முன்பணம் போக மீதி 1,41,660. அதில் பாதி 70,830. இந்த எண்கள் வரவேண்டும்.

ஒன்று கவனித்தீர்களா? ரோட்டு மட்டத்திலிருந்து ஐந்தடி என்றால் உங்கள் பக்கம் சுவர் ஆறரை அடி. அந்த ஒன்றரை அடிக்குத் தனியாகக் கேட்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டார், பெரிய மனது. ஆனால் அந்த 230 உள்பக்கம் ஆறரை அடிக்குமா, ஐந்தடிக்கா? அதையும் ஒரு வரியில் கேட்டுவிடுங்கள்.

---

வக்கீல் ஆபீஸ் எழுதியது:

மறுபடி எழுதும்போது பழைய செய்தியைத் திருத்தாதீர்கள். வாட்ஸப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்த முடியும். திருத்தினால் அதற்கான குறி விழும், எதை மாற்றினீர்கள் என்ற சந்தேகமும் கூடவே வரும். பழையது அப்படியே இருக்கட்டும். அதையே மேற்கோளாக இழுத்து, "காலையில் நீங்கள் வாய்ஸில் சொன்னபடி திருத்தம்" என்று புதிதாக எழுதுங்கள். அதற்கும் ஒரு "சரி" வாங்கிக்கொள்ளுங்கள்.

அவருடனான சாட்டில் தானாக மறையும் செய்தி வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏழு நாள், 90 நாள் என்று வைத்திருந்தால், கணக்கு முடிக்கும் நேரத்தில் ஒன்றும் இருக்காது. போனை மாற்றினால் பேக்கப் எடுத்துவிட்டு மாற்றுங்கள். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்டோடு வருகிறார்கள், போன் எக்ஸ்சேஞ்சில் போயிருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் 63ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்ய ஒரு சான்றிதழ் வேண்டும். மூலப்பதிவு இருக்கும் போனே கையில் இருந்தால் அந்தச் சான்றிதழ் கொடுப்பது எளிது.

அவ்வளவு தூரம் போகாது என்று நம்புவோம். இப்படி ஒரு செய்தி கையில் இருப்பவர்களில் பலர் எங்கள் அலுவலகம் வரைக்கும் வருவதே இல்லை.

---

பத்திரம் பாண்டியன் எழுதியது:

வாய்மொழி ஒப்பந்தம் செல்லும் என்பதை ஏற்கிறேன், விவரத்துக்கு நன்றி. ஆனாலும் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் என்றால் நான் தாளில்தான் போடுவேன். வீட்டுக்கடன் வாங்கியிருந்தால் வங்கியிலும் கேட்பார்கள்.

---

சூலூர் வீடு எழுதியது:

திருத்திய செய்தியை அனுப்பி "சரி" வாங்கிவிட்டேன். 230 ஆறரை அடி முழுவதற்கும் என்றே சொன்னார். பணமும் குறிப்போடு அனுப்பியாயிற்று.

இன்னும் ஒரு சந்தேகம். மாமனார் தினமும் சைட்டுக்குப் போகிறார். நேற்று அவர் மேஸ்திரியிடம் "சம்புக்குப் பக்கத்தில் ஒரு தொட்டியும் கட்டிவிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அவரும் சரி என்றிருக்கிறார். ரேட் பேசவில்லை. இதற்கு நான் செய்தி அனுப்புவதா, மாமனார் அனுப்புவதா? அவரிடம் சாதாரண போன்தான் இருக்கிறது.

---

மேஸ்திரி மகன் எழுதியது:

எங்களுக்கு சைட்டில் யார் நின்று சொன்னாலும் வீட்டுக்காரர் சொன்ன மாதிரிதான். பெரியவர் சொல்லும்போது "உங்க மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்க" என்று சொல்ல வாய் வராது. கட்டிவிட்டு பில்லில் சேர்ப்போம்.

---

வக்கீல் ஆபீஸ் எழுதியது:

ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டவர் சொன்னால்தான் கணக்கு என்று நான் சொல்வேன். ஆனால் நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்து, கட்டிய தொட்டியைப் பயன்படுத்தவும் செய்தால், பணம் தர மாட்டேன் என்பது கஷ்டம். இதில் தம்பியோடு எனக்கு முழு உடன்பாடும் இல்லை, முழு மறுப்பும் இல்லை. இப்போதைக்கு நீங்களே காண்ட்ராக்டரை அழைத்துத் தொட்டி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்து, இதே மாதிரி நாலு வரி எழுதுங்கள். இனிமேல் கூடுதல் வேலை யார் சொன்னாலும் என் செய்தி வந்த பிறகு செய்யுங்கள் என்று அதிலேயே கேட்டுக்கொள்ளலாம். மாமனாரிடமும் வீட்டில் ஒரு வார்த்தை.

---

கணக்கு டீச்சர் எழுதியது:

மாமனாரிடம் அந்த ஒரு வார்த்தையை உங்கள் மனைவி சொல்லட்டும்.

---

ஓய்வு பெற்ற இன்ஜினியர் எழுதியது:

சம்புக்கு மேல் ஸ்லாப் போடும் முன் டேப் வைத்து உள் அளவு எடுங்கள், காண்ட்ராக்டரும் கூட நிற்கட்டும். 8 x 8, தரையிலிருந்து ஓவர்ஃபுளோ பைப்பின் அடி வரை ஐந்தரை. டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, அவர் "சரி" சொன்ன செய்திக்குக் கீழேயே பதிலாகப் போட்டு, பிறகு 70,830ஐ அனுப்புங்கள். ஸ்லாப் போட்டுத் தண்ணீர் விட்ட பிறகு யாராலும் அளக்க முடியாது.